‘விவரங்களை அனுப்பி வையுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்’

பல்லடத்தை அடுத்த ஒரு நூற்பாலை. அதன் பராமரிப்புப் பொறுப்பில் இருந்த இன்ஜினியரோடு நான் முதன்முதலில் தொலைபேசியில் பேசியது ஒரு செப்டம்பர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை. நான்கு நிமிடம் நல்லபடியாகவே பேசினார். ஆலையில் 37 கிலோவாட் கம்ப்ரஸர் ஒன்று இருக்கிறது, ஒன்பது ஆண்டுகளாக ஓடுகிறது, போன ஆண்டு மட்டும் இரண்டு முறை பழுது பார்த்தாகிவிட்டது என்றெல்லாம் சொன்னார். பின்னணியில் யாரோ அவரைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. உடனே சொன்னார்: “சரி தம்பி, விவரங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.”

கோவையைச் சுற்றியுள்ள ஆலைகளுக்குக் கம்ப்ரஸர் விற்பதுதான் 14 ஆண்டுகளாக என் தொழில். இந்த ஒரு வாக்கியத்தை நான் கேட்காத வாரம் கிடையாது. ஆரம்ப ஆண்டுகளில் இதைக் கேட்டதும் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். கேட்கிறார், அதனால் ஆர்வம் இருக்கிறது என்று நினைப்பேன். தொலைபேசியை வைத்த ஐந்தாவது நிமிடம் 24 பக்கக் கேட்லாக், நிறுவன அறிமுகம், பழைய வாடிக்கையாளர் பட்டியல், கொட்டேஷன் என்று நான்கு கோப்புகள் போய்ச் சேர்ந்துவிடும். மறுநாள் “பார்த்தீர்களா சார்?” என்று கேட்பேன். “இன்னும் இல்லை, பார்க்கிறேன்” என்பார். அடுத்த வாரமும் அதே கேள்வி, அதே பதில். நான்காவது முறை அழைப்பை எடுக்க மாட்டார்.

அந்த நான்கு கோப்புகளில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அவற்றை அனுப்பியதும் எங்கள் இருவருக்கும் இடையே இருந்த ஒரே வேலை முடிந்துவிடுகிறது. அவர் கேட்டார், நான் கொடுத்துவிட்டேன். இனி அடுத்த அடியை எடுக்க வேண்டியவர் அவர். எதற்காக எடுக்க வேண்டும், எப்போது எடுக்க வேண்டும் என்று நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை.

நம் ஊரில் வீட்டைவிட்டுக் கிளம்பும் யாரும் ‘போகிறேன்’ என்று சொல்வதில்லை. ‘போய் வருகிறேன்’ என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே ‘வேண்டாம்’ என்று சொல்வதும் அப்படித்தான், வாய் வராது. அதிலும் தன்னைவிட வயதில் சிறியவன், மரியாதையாகப் பேசுகிறவன், ஏதோ பிழைப்புக்காக அழைக்கிறான் என்றால் கேட்கவே வேண்டாம். அவன் மனம் நோகாமல் அனுப்பி வைக்க இந்த வாக்கியம் வசதியாக இருக்கிறது. இதில் பொய் ஏதும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. அது ஒரு பண்பு. ஆனால் உண்மையாகவே விவரம் தேவைப்படுகிறவரும் இதே வாக்கியத்தைத்தான் சொல்கிறார் என்பதில்தான் சிக்கல்.

நான் கேட்டவரையில் இந்த வாக்கியத்துக்குப் பின்னால் மூன்று விதமான நிலைகள் இருக்கின்றன. முதலாவது, மென்மையான மறுப்பு. இரண்டாவது, அவருக்கு விருப்பம் இருக்கிறது, ஆனால் முடிவெடுக்க வேண்டியவர் வேறொருவர். அவரிடம் காட்டக் கையில் ஏதாவது வேண்டும். மூன்றாவது, அவருக்கு ஏதோ ஒரு தொல்லை இருப்பது தெரிகிறது, எதைக் கேட்பது என்றுதான் தெரியவில்லை. ‘விவரம்’ என்று பொதுவாகச் சொல்லிவைக்கிறார்.

இந்த வாக்கியம் பேச்சின் எந்த இடத்தில் வருகிறது என்பதை வைத்து ஓரளவு கண்டுகொள்ளலாம். நான் என் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் வந்தால் பெரும்பாலும் அது மறுப்பு. அவர் தன் இயந்திரத்தின் வயதையும் பழுதையும் தானாகவே சொன்ன பிறகு வந்தால் மற்ற இரண்டில் ஒன்று. விலையைக் கேட்டு, நான் சொன்ன மறுநொடி வந்தால் பேச்சு விலையில் நின்றுவிட்டது என்று பொருள். எந்தக் கேட்லாக்கும் அதைத் தீர்க்காது. ஆனாலும் இடத்தை மட்டும் நம்பி முடிவு செய்யக் கூடாது. ஒரு கேள்வி கேட்டுப் பார்க்க வேண்டும்.

அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முன்னால் ‘சரி’ என்று சொல்லிவிட வேண்டும். இதை நான் வலியுறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் விற்பனைப் பயிற்சி வகுப்புகளில் இதற்கு நேர்மாறாகச் சொல்லிக் கொடுப்பதைக் கேட்டிருக்கிறேன். ‘விவரம் கேட்டால் விடாதே, எதற்கு என்று மடக்கு, நேரில் சந்திக்க நாள் வாங்கு’ என்பார்கள். ஆலையில் பத்துப் பேர் நடுவே நின்று பேசிக்கொண்டிருக்கும் மனிதரை மடக்கினால் அவர் அடுத்த முறை எண்ணைப் பார்த்தே எடுக்காமல் விடுவார். அவர் கேட்டது நியாயமான ஒன்று. அனுப்பத்தான் போகிறோம். எதை அனுப்புவது என்பதை அவரிடமே கேட்கிறோம், அவ்வளவுதான்.

பல்லடத்துக்காரரிடம் நான் சொன்னது இது: “கண்டிப்பாக அனுப்புகிறேன் சார். எல்லாவற்றையும் அனுப்பினால் நாற்பது பக்கம் வரும், உங்களுக்கு நேரம் இருக்காது. மின்செலவு, சர்வீஸ், விலை இந்த மூன்றில் எதை முதலில் பார்த்தால் உங்களுக்கு உதவும்?”

இந்தக் கேள்விக்கு வரும் பதிலில்தான் மூன்று நிலைகளும் பிரிகின்றன. மறுப்பாக இருந்தால் “எல்லாம் அனுப்புங்கள், பார்க்கிறேன்” என்ற பதில் வரும், குரலில் அவசரம் கூடியிருக்கும். அப்போது ஒரு பக்கம் மட்டும் அனுப்பிவிட்டு விலகிவிடுவேன். உண்மையிலேயே தேவை இருக்கிறவர் ஒரு நொடி நின்று யோசிப்பார். இவர் யோசித்தார். பிறகு, “எனக்கு சர்வீஸ்தான் தொல்லை. ஆனால் முதலாளியிடம் போனால் கரண்ட் பில் எவ்வளவு குறையும் என்றுதான் கேட்பார்” என்றார்.

இந்த ஒரு பதிலில் எனக்கு வேண்டியது எல்லாம் இருந்தது. முடிவெடுப்பவர் முதலாளி. அவருடைய கேள்வி மின்கட்டணம். இன்ஜினியருடைய வலி வேறு, அவர் மேலே கொண்டுபோக வேண்டிய காரணம் வேறு. நான் கேட்லாக்கை அனுப்பியிருந்தால் அதில் இந்தக் கேள்விக்கு ஒரு வரி பதில்கூட இருந்திருக்காது. ‘35 சதவீதம் வரை மின்சேமிப்பு’ என்று அட்டையில் அச்சிட்டிருக்கும். அந்த ‘வரை’ என்ற சொல்லை எந்த முதலாளியும் நம்புவதில்லை.

இங்கே கம்ப்ரஸர் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்து நான் கேட்டது புரியாது. பழைய வகை ஸ்க்ரூ கம்ப்ரஸர் ஒரே வேகத்தில் ஓடும். ஆலைக்குக் காற்று வேண்டும்போது லோடில் இருக்கும். அழுத்தம் நிரம்பியதும் காற்று எடுப்பதை நிறுத்திக்கொண்டு வெறுமனே சுற்றும். அதை அன்லோடு என்கிறோம். வெறுமனே சுற்றும்போதும் முழுச் சுமையில் எடுக்கும் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அது எடுத்துக்கொண்டே இருக்கும். ஒரு துளிக் காற்றும் தராமல் செலவாகும் மின்சாரம் அது. வி.எஃப்.டி. என்ற டிரைவ் பொருத்திய இயந்திரம் தேவைக்கேற்ப மோட்டாரின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதால் இந்த வீண் செலவில் பெரும்பகுதி மிச்சமாகும். ஆகவே எவ்வளவு மிச்சமாகும் என்பது அந்த ஆலையின் இயந்திரம் எத்தனை மணி நேரம் வெறுமனே சுற்றுகிறது என்பதைப் பொறுத்தது. அது என் கேட்லாக்கில் இல்லை. அவருடைய கம்ப்ரஸர் அறையில், ஓர் உள்ளங்கை அளவுத் திரையில் இருக்கிறது.

எனவே நான் திருப்பிக் கேட்டேன். “முதலாளி கேட்கும் கணக்கைச் சரியாகப் போட்டுத் தருகிறேன் சார். அதற்கு உங்கள் கம்ப்ரஸர் திரையில் இருக்கும் இரண்டு எண்கள் வேண்டும். நாளைக் காலை ஒரு போட்டோ, அடுத்த வாரம் அதே நேரம் ஒரு போட்டோ. முடியுமா?” முடியும் என்றார். “அடுத்த வெள்ளிக்கிழமை காலை 11 மணிக்குப் பத்து நிமிடம் பேசினால் கணக்கை உங்களுக்கு விளக்கிவிடுகிறேன். அந்த நேரம் சரிதானா, ஷிப்ட் மாறும் நேரமா?” ஷிப்ட் மாற்றம் இல்லை, 11 மணிக்கு அறையில்தான் இருப்பேன் என்றார். அதன் பிறகே தொலைபேசியை வைத்தோம்.

இந்தத் தொழிலில் நான் கற்றதிலேயே எனக்கு மிகவும் உதவியது இதுதான். ‘விவரம் அனுப்புங்கள்’ என்கிறவரிடம் நானும் ஒரு விவரம் கேட்பேன். அது சிறியதாக இருக்க வேண்டும். அவர் யாரிடமும் அனுமதி வாங்காமல், தன் இடத்தைவிட்டு நகர்ந்து இரண்டு நிமிடத்தில் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். அதோடு, அது இல்லாமல் என் பதிலை உண்மையிலேயே எழுத முடியாது என்றும் இருக்க வேண்டும். சும்மா சோதிப்பதற்காக ஒன்றைக் கேட்டால் அவருக்குத் தெரிந்துவிடும், தெரிந்ததும் மரியாதை போய்விடும். கம்ப்ரஸர் விற்கிறவனுக்கு இந்த இரண்டு எண்கள். கணக்குப் பதிவு மென்பொருள் விற்கும் என் நண்பர் போன மாதத்து ஒரு பில்லைக் கேட்பார். கூரைமேல் சூரிய மின்தகடு போடும் இன்னொருவர் மின்கட்டண ரசீதின் படத்தைக் கேட்பார்.

அன்று மாலையே நான் அனுப்பிய செய்தியை அப்படியே தருகிறேன்.

“வணக்கம் சார். இன்று பேசியதில் நான் புரிந்துகொண்டது: உங்கள் 37 கிலோவாட் கம்ப்ரஸர் ஒன்பது ஆண்டுகளாக ஓடுகிறது, கடந்த ஆண்டு இரண்டு முறை பழுதானது. மாற்றினால் மின்கட்டணம் எவ்வளவு குறையும் என்று முதலாளி கேட்பார். அதற்கான பதில் திரையில் உள்ள RUN HRS, LOAD HRS ஆகிய இரண்டு எண்களில் இருக்கிறது. நாளைக் காலை 10 மணிக்கு ஒரு படமும் அடுத்த புதன் 10 மணிக்கு ஒரு படமும் அனுப்புங்கள். வெள்ளி 11 மணிக்கு நான் அழைக்கிறேன். முதலாளியிடம் காட்ட ஒரு பக்கக் கணக்கு அதற்குள் உங்களிடம் இருக்கும்.”

கேட்லாக் இல்லை, விலை இல்லை, எங்கள் நிறுவனத்தின் பெருமை இல்லை. அவர் சொன்னது முதலில், எனக்கு வேண்டியது அடுத்து, நாள் கடைசியில். இந்தச் செய்தியை அவர் அப்படியே முதலாளிக்கு அனுப்பினாலும் முதலாளிக்குப் புரியும். என் செய்தி யாரிடம் போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியாது, ஆனால் போகும். அழைப்பில் இல்லாத ஒருவர் படித்தாலும் நிற்கிற மாதிரி எழுதினால்தான் அது பயன்படும். கோப்பு அனுப்பினால் அதன் பெயரையும் கவனிப்பேன். Catalogue_2023.pdf என்று அனுப்பினால் வாட்ஸ்அப்பில் நாலு நாளில் அது தொலைந்துவிடும். அந்த ஆலையின் பெயரோடு ‘மின்செலவுக் கணக்கு’ என்று இருந்தால் தேடி எடுப்பார்கள்.

மறுநாள் புதன்கிழமை படம் வரவில்லை.

முன்பெல்லாம் இந்த இடத்தில் ‘நினைவூட்டுகிறேன் சார்’ என்று ஒரு செய்தி அனுப்பியிருப்பேன். அதைப் படிக்கிறவருக்கு என்ன தோன்றும்? வாக்குத் தவறிவிட்டோம் என்ற கூச்சம் தோன்றும். கூச்சப்படுகிறவர் ஒதுங்குவார். அதனால் நான் வேறொன்று செய்தேன். அதே வகைக் கம்ப்ரஸர் ஒன்று எங்கள் சர்வீஸ் பட்டறையில் கிடந்தது. அதன் திரையைப் படமெடுத்து, அழுத்த வேண்டிய பொத்தானைச் சிவப்பு வட்டமிட்டு, “இந்தக் கீழ்நோக்கிய அம்புக்குறியை மூன்று முறை அழுத்தினால் அந்தப் பக்கம் வரும் சார்” என்று மட்டும் எழுதி மாலை ஐந்து மணிக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அவரே அழைத்தார். காலையிலேயே போய்ப் பார்த்தாராம், திரையில் அழுத்தமும் வெப்பமும்தான் தெரிந்ததாம், எப்படித் தேடுவது என்று தெரியாமல் வந்துவிட்டாராம். வராத படத்துக்குப் பின்னால் அக்கறையின்மை இருக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டிருந்தால் அன்றே இந்தக் கதை முடிந்திருக்கும்.

வியாழக்கிழமை காலை 10 மணிக்குப் படம் வந்தது. சாய்வாக எடுத்த படம். திரையின்மேல் எண்ணெயும் பஞ்சுத் தூசும் படிந்திருந்தன. எண்கள் இருந்த இடத்தை மட்டும் கட்டைவிரலால் துடைத்திருந்தார். RUN HRS 61,240. LOAD HRS 38,115. அந்தத் துடைத்த தடத்தைப் பார்த்தபோது இவர் உண்மையாகவே வாங்க நினைக்கிறார் என்ற உறுதி எனக்கு வந்தது. அடுத்த வியாழக்கிழமை அதே நேரத்தில் இரண்டாவது படம்: 61,408, 38,216.

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். இயந்திரம் நிற்கவே இல்லை. அதில் லோடில் இருந்தது 101 மணி நேரம். மீதி 67 மணி நேரம் வெறுமனே சுற்றியிருக்கிறது. அன்லோடில் இருக்கும்போது பேனல் மீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்று கேட்டேன், 13 கிலோவாட் என்றார். 67 மணி நேரத்துக்கு 871 யூனிட். அவர்கள் பில்லில் எல்லாம் சேர்த்து யூனிட் ஏறத்தாழ 8 ரூபாய் வந்தது. ஆக வாரத்துக்கு ஏறத்தாழ 7,000 ரூபாய், காற்றே தராத நேரத்துக்கு. முதலாளியிடம் போன ஒரு பக்கத்தில் இந்தக் கணக்கு மட்டும்தான் இருந்தது. மேலே அவர் அனுப்பிய இரண்டு படங்கள், கீழே நான்கு வரிக் கழித்தலும் பெருக்கலும். என்னுடைய எண் அதில் ஒன்றுகூட இல்லை என்பதால் யாரும் அதை மறுக்க வேண்டியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை 11 மணிக்குப் பேசினோம். பத்து நிமிடம் என்று சொன்னது அரை மணி நேரம் ஆனது. அந்தப் பேச்சில் நான் அவரிடம் விலையைச் சொல்லவில்லை. அவர் கேட்டபோது, “ஒரு சோதனை பாக்கி இருக்கிறது சார், அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், இல்லாவிட்டால் தப்பான இயந்திரத்துக்கு விலை சொல்லிவிடுவேன்” என்றேன். காற்றுக் கசிவுச் சோதனையைத்தான் சொன்னேன். ஆலையில் எல்லா இயந்திரங்களும் நின்றிருக்கும்போது கம்ப்ரஸரை மட்டும் ஓடவிட வேண்டும். யாரும் காற்று எடுக்காதபோதும் அது லோடுக்குப் போனால், அந்தக் காற்றெல்லாம் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். இரவு பகலாக ஓடும் நூற்பாலையில் இப்படி ஒரு மணி நேரம் கிடைப்பது அரிது. ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் இயந்திரங்களைத் துடைத்துக் கழுவ நிறுத்துவார்கள். அன்று மாலை நான் நேரில் போனேன்.

தூசு நீங்கிய ரிங் ஃப்ரேம்களுக்கு இடையே நின்றபோது, வழக்கமாக இரைச்சலில் கேட்காத ஒலி கேட்டது. தரையோரமாக, குழாய் இணைப்புகளில், ஹோஸ் மாட்டும் கப்ளர்களில் எல்லாம் ‘ஸ்ஸ்’ என்ற சீறல். கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தோம். இரண்டு நிமிடம் லோடு, ஆறு நிமிடம் அன்லோடு, திரும்பத் திரும்ப. எட்டு நிமிடத்தில் இரண்டு நிமிடம். அதாவது கம்ப்ரஸர் தரக்கூடிய காற்றில் கால் பங்கு யாருக்கும் பயன்படாமல் போய்க்கொண்டிருந்தது. இன்ஜினியர் சோப்புத் தண்ணீரில் ஒரு பிரஷ்ஷை நனைத்துக்கொண்டு தானே கிளம்பிவிட்டார். அன்றிரவு எட்டு மணிக்குள் முப்பதுக்கு மேற்பட்ட இடங்களில் சாக்பீஸால் வட்டம் போட்டோம்.

முதலில் கசிவைச் சரிசெய்யுங்கள், பிறகு வாங்குவதைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். விற்பனை தள்ளிப்போகும் என்று அலுவலகத்தில் வருத்தப்பட்டார்கள். கசிவு பாதியாகக் குறைந்த பிறகு மறுபடியும் ஒரு வாரக் கணக்கு எடுத்தோம். லோடில் இருந்த நேரம் 101 மணியிலிருந்து 79 மணியாக இறங்கியிருந்தது. ஆனால் இயந்திரம் ஒரே வேகத்தில் ஓடுவது என்பதால் அந்த 22 மணி நேரமும் நிற்பதற்குப் பதிலாக வெறும் சுழற்சியாக மாறியிருந்தது. வெறுமனே சுற்றும் நேரம் 67லிருந்து 89 ஆகிவிட்டது. கசிவை அடைத்ததில் நல்ல மிச்சம் கிடைத்தது, ஆனால் முழு மிச்சமும் கைக்கு வரவில்லை. வீண் சுழற்சி வாரத்துக்கு 9,000 ரூபாயைத் தாண்டியது. இந்த விஷயத்தை நான் விளக்கவே தேவைப்படவில்லை. இன்ஜினியரே கணக்கைப் போட்டு முதலாளியிடம் கொண்டுபோனார்.

இன்னொன்றும் தெரிந்தது. ஆலை மிக அதிகமாகக் காற்று எடுக்கும் வேளையில்கூட அந்த 37 கிலோவாட் இயந்திரம் பத்தில் ஏழு பங்கு நேரம்தான் லோடில் இருந்தது. அப்படியானால் அவர்களுக்கு 30 கிலோவாட் போதும். செப்டம்பர் மாதத்து அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் கேட்டபடியே நான் ‘விவரங்களை’ அனுப்பியிருந்தால், பழையதற்கு ஈடாக ஒரு 37 கிலோவாட் இயந்திரத்தின் கேட்லாக்கும் கொட்டேஷனும்தான் போயிருக்கும். அது அவர்களுக்கு வேண்டிய இயந்திரமே இல்லை. அவசரமாக அனுப்பும் விவரம் குப்பைக்குப் போகிறது என்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அது தப்பான விவரமாகவும் இருந்துவிடுகிறது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

எல்லா இடத்திலும் இப்படி முடிவதில்லை. அவிநாசிப் பக்கம் ஓர் ஆலையில் இதே இரண்டு எண்களைக் கேட்டேன், உடனே தந்தார்கள். இயந்திரம் நூற்றுக்கு 93 பங்கு நேரம் லோடில் இருந்தது. எப்போதும் முழுச் சுமையில் ஓடும் இடத்தில் வி.எஃப்.டி. எதையும் மிச்சப்படுத்தாது, அந்த டிரைவே கொஞ்சம் மின்சாரத்தைத் தின்னும் என்பதால் செலவு கூடத்தான் செய்யும். உங்களுக்கு இது வேண்டாம் என்று எழுதி அனுப்பினேன். மொத்தம் இரண்டே வாரத்தில் அந்தப் பேச்சு முடிந்தது. இருவருக்கும் நேரம் மிச்சம்.

இன்னொரு வகை அழைப்பையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் நான் பல மாதங்களைத் தொலைத்திருக்கிறேன். சில ஆலைகளில் எதை வாங்கினாலும் மூன்று கொட்டேஷன் இருக்க வேண்டும் என்பது விதி. யாரிடம் வாங்குவது என்று முன்பே முடிவாகியிருக்கும். கோப்பை நிரப்ப மற்ற இரண்டு தேவைப்படும். இதற்கு அடையாளம் உண்டு. இயந்திரத்தைப் பற்றி ஒரு கேள்வியும் வராது. லெட்டர்ஹெட், ஜி.எஸ்.டி. எண், எந்தத் தேதி போட வேண்டும் என்பதில் மட்டும் அக்கறை இருக்கும். திரையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னால் “அதெல்லாம் வேண்டாம், விலை மட்டும் போதும்” என்பார்கள். இப்போது நான் நேரடியாகவே கேட்டுவிடுகிறேன்: “ஒப்பிடுவதற்காகக் கேட்கிறீர்களா சார்? அப்படியென்றால் இன்றே அனுப்பிவிடுகிறேன், அடுத்தடுத்து அழைத்துத் தொந்தரவு செய்ய மாட்டேன்.” பெரும்பாலோர் நிம்மதியாக ஆமாம் என்று சொல்லிவிடுகிறார்கள். அவர்களில் ஒருவர், முடிவாகியிருந்த விற்பனையாளர் தாமதித்தபோது, முதலில் என்னைத்தான் அழைத்தார்.

விவரம் கேட்டுவிட்டு முற்றிலும் மௌனமாகிவிடுகிறவர்களிடம் நான் மூன்று முறைதான் போவேன். பேசுவதாகச் சொன்ன நாளில் ஒரு முறை, ஒரு வாரம் கழித்து ஒரு முறை, மூன்று வாரம் கழித்து ஒரு முறை. ஒவ்வொரு முறையும் கையில் புதிதாக ஏதாவது இருக்க வேண்டும். பக்கத்து ஊர் ஆலையில் கிடைத்த ஓர் அளவீடு, அவர் சொன்ன பழுதுக்கு எங்கள் மெக்கானிக் சொன்ன ஒரு காரணம், இப்படி ஏதாவது. புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லாவிட்டால் அழைப்பதில்லை. ‘பார்த்தீர்களா’ என்ற சொல்லை நான் முழுவதுமாக விட்டுவிட்டேன். அந்தச் சொல் அவருக்கு வீட்டுப்பாடம் கொடுத்தது போல ஆகிறது. வாட்ஸ்அப்பில் நீலக் குறி விழுந்ததா என்று பார்ப்பதையும் விட்டுவிட்டேன். பார்த்தவர் எல்லாம் படித்தவர் அல்ல. மூன்றுக்குப் பிறகு கடைசியாக ஒரு செய்தி: “இப்போது இதற்கு நேரம் இல்லை என்று புரிந்துகொள்கிறேன் சார். நான் இதை மூடி வைக்கிறேன். கம்ப்ரஸர் பழுதாகி நின்றால் மட்டும் எந்த நேரமானாலும் அழையுங்கள், எங்கள் மெக்கானிக் வருவார்.” இதில் கோபமோ வற்புறுத்தலோ துளிகூட இருக்கக் கூடாது. எழுதும்போது மனத்திலும் இருக்கக் கூடாது, இருந்தால் எழுத்தில் தெரிந்துவிடும். சிலர் இந்தச் செய்திக்குத்தான் முதல்முறையாகப் பதில் எழுதுவார்கள்.

பல்லடத்து ஆலை பொங்கல் முடிந்து தை மாதத்தில் 30 கிலோவாட் வி.எஃப்.டி. இயந்திரத்தை வாங்கியது. போட்ட பணம் இரண்டு ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் மின்கட்டணத்திலேயே திரும்பிவிடும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. பழையதை அவசரத்துக்கு இருக்கட்டும் என்று பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்கள். கொட்டேஷன் என்ற ஒன்றை நான் அவர்களுக்கு முதன்முதலாக அனுப்பியது மார்கழி மாதம்தான், முதல் அழைப்புக்கு மூன்று மாதங்களுக்குப் பிறகு. அதற்குள் அதில் என்ன இருக்க வேண்டும் என்பது இரு பக்கத்துக்கும் தெரிந்திருந்தது.

அடுத்த ஜூன் மாதம் ஒரு காலை வேளையில் அந்த இன்ஜினியரிடமிருந்து வாட்ஸ்அப்பில் இரண்டு படங்கள் வந்தன. வணக்கம் இல்லை, விளக்கம் இல்லை. வேறொரு கம்ப்ரஸரின் திரை, ஒரு வார இடைவெளியில் எடுத்த இரண்டு படங்கள், தேதியும் நேரமும் மூலையில் தெரியும்படி. அதன் கீழே ஒரு வரி: “முதலாளியின் தம்பியுடைய ஆலை, தம்பி. வெள்ளி 11 மணிக்குப் பேசலாமா?”